எட்டாயிரத்துக்குள் ஒளிந்திருக்கும் அறுபதாயிரம்: நுவரெலியா மாவட்டத்தின் பத்தாண்டு சனத்தொகை வளர்ச்சியைக் கணக்கிடுவது எப்படி?

2001ஆம் ஆண்டு குடிசன மதிப்பில் நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகை 703,610. 2012இல் 711,644. பத்து வருஷத்துக்கும் மேலான காலத்தில் கூடியது வெறும் 8,034 பேர். உயர்தர வகுப்பில் இந்த இரண்டு எண்களையும் கரும்பலகையில் எழுதிப் போட்டால், யாராவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: "சேர், அப்ப நம்ம பக்கம் பிள்ளைகளே பிறக்கலையா?"

பிறந்திருக்கிறார்கள். கிளினிக் நாளில் தோட்ட வைத்தியசாலைப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அதில் சந்தேகம் வராது. அப்படியானால் கூடியிருக்க வேண்டிய ஆட்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் போனார்கள் என்று அதே இரண்டு எண்களிலிருந்து கண்டுபிடிக்கலாம். வளர்ச்சி வீதத்தைச் சரியாக எடுப்பது முதல் வேலை. அதற்குள் பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்து வரும் இயற்கை அதிகரிப்பின் பங்கு எவ்வளவு, வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்து வரும் தேறிய இடப்பெயர்வின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது அடுத்த வேலை. சிரமமெல்லாம் இரண்டாவதில்தான்.

முதலில் ஒரு லயத்தை எண்ணிப் பார்ப்போம்

மாவட்டத்துக்குப் போகுமுன் ஒரு கற்பனை லயம். பன்னிரண்டு காம்பரா. முதல் கணக்கெடுப்பில் அங்கே 58 பேர். அடுத்த கணக்கெடுப்பில் 55 பேர். இடைப்பட்ட காலத்தில் 14 பிள்ளைகள் பிறந்தார்கள், 5 பேர் இறந்தார்கள்.

யாரும் வராமலும் போகாமலும் இருந்திருந்தால் 58உடன் 14ஐக் கூட்டி 5ஐக் கழித்து 67 பேர் இருந்திருக்க வேண்டும். இருப்பதோ 55. ஆக, தேறிய இடப்பெயர்வு மைனஸ் 12.

சதவீதத்தில் சொன்னால், 58 பேருக்கு 3 பேர் குறைந்தது மைனஸ் 5.2. இயற்கை அதிகரிப்பு 9 பேர், அதாவது பிளஸ் 15.5. இடப்பெயர்வு 12 பேர், அதாவது மைனஸ் 20.7. பிளஸ் 15.5இலிருந்து 20.7ஐக் கழித்தால் மைனஸ் 5.2 வந்துவிடுகிறது. மாவட்டத்துக்குச் செய்யப் போவதும் இதே கணக்குத்தான், எண்கள் மட்டும் பெரிது.

ஒன்றைக் கவனியுங்கள். மைனஸ் 12 என்றால் பன்னிரண்டு பேர் போனார்கள் என்று அர்த்தமில்லை. பதினைந்து பேர் போய், மூன்று பெண்கள் கலியாணம் முடித்து இந்த லயத்துக்கு வந்திருந்தாலும் மைனஸ் 12தான். முப்பது பேர் போய்ப் பதினெட்டுப் பேர் வந்திருந்தாலும் மைனஸ் 12தான். ‘தேறிய’ என்ற சொல் இந்தப் போக்குவரத்தையெல்லாம் மறைத்துவிடும்.

படி 1: இரண்டு எண்களும் ஒரே இடத்தைப் பற்றியவையா?

கல்குலேட்டரைத் தொடுமுன் இதைப் பார்க்க வேண்டும். மாவட்ட எல்லையில் ஒரு துண்டு அங்கே இங்கே போயிருந்தால், அந்தத் துண்டில் குடியிருந்தவர்கள் ஒரு அடிகூட நகராமலேயே நம் கணக்கில் இடம்பெயர்ந்தவர்களாகிவிடுவார்கள். சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. இரண்டு அறிக்கைகளிலும் பரப்பளவுக் கட்டத்தைப் பாருங்கள். நுவரெலியா மாவட்டம் 1,741 சதுர கிலோமீற்றர். ஒரு அறிக்கையில் இதற்கு நன்றாக விலகிய எண் இருந்தால் நின்று விசாரியுங்கள்.

மாவட்ட மட்டத்தைவிடப் பிரதேச செயலக மட்டத்தில் இந்தத் தொல்லை அதிகம். கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை, நுவரெலியா, அம்பகமுவ என்று ஐந்தே பிரிவுகளாக இருந்த மாவட்டம் இது. பிறகு நோர்வூட், தலவாக்கலை என்று புதிய பிரிவுகள் பிரிக்கப்பட்டன. அம்பகமுவவின் பழைய தொகையையும் பிரித்த பிறகான தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஏதோ பெரிய அனர்த்தம் நடந்து சனம் காணாமல் போனது போலத் தெரியும். கிராம உத்தியோகத்தர் பிரிவு வாரியான பட்டியலை எடுத்து, பழைய எல்லைக்குள் வருகிறவற்றை மறுபடி கூட்டிக்கொள்வதுதான் வழி.

இன்னொன்று, முதற்கட்ட எண்ணையும் இறுதி எண்ணையும் கலக்காதீர்கள். 2012க்கு முழு இலங்கையின் சனத்தொகை என்று 20,263,723 என்ற எண்ணும் உலவுகிறது, 20,359,439 என்ற எண்ணும் உலவுகிறது. வித்தியாசம் தொண்ணூற்றையாயிரத்துக்கு மேல். நுவரெலியா போல எட்டாயிரமே கூடிய மாவட்டத்தில், இப்படியொரு திருத்தத்தின் சிறு பங்கு விழுந்தாலே வளர்ச்சி எண் பெரிதாக மாறிவிடும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் இறுதி அறிக்கையில் உள்ளதையே எடுங்கள்.

படி 2: பத்தாண்டு என்பது உண்மையில் பத்தாண்டுதானா?

பாடப்புத்தகச் சூத்திரம் எல்லாருக்கும் தெரியும். பிந்தியதிலிருந்து முந்தியதைக் கழித்து, முந்தியதால் வகுத்து, நூறால் பெருக்குவது:

```
(P2 - P1) / P1 * 100
(711644 - 703610) / 703610 * 100 = 1.14
```

இந்தியாவில் ஒன்றில் முடியும் வருஷங்களில் ஒழுங்காக எண்ணி வந்ததால் இந்தச் சூத்திரம் அங்கே அப்படியே பொருந்தியது. நமக்கு அப்படியில்லை. 1971, 1981 வரைக்கும் சரியாக வந்து, யுத்தத்தால் 2001க்குத் தாவி, அப்புறம் 2012, அதன் பிறகு 2024. நாம் எடுத்த இரண்டு கணக்கெடுப்புகளில் முதலாவது 2001 ஜூலை 17, அடுத்தது 2012 மார்ச் 20. இடைவெளி பத்து வருஷம், எட்டு மாதம், மூன்று நாள். தசமத்தில் 10.68 வருஷம்.

ஆகவே 1.14 என்பது 10.68 வருஷத்தின் வளர்ச்சி. பத்து வருஷத்துக்கு ஒப்பாக்க அடுக்குமுறையில் சரிக்கட்ட வேண்டும். எக்செலில் இப்படி:

```
=((711644/703610)^(10/10.68)-1)*100
```

விடை 1.07. இங்கே வித்தியாசம் அற்பம்தான். ஆனால் முந்தைய இடைவெளியில் அப்படியில்லை. 1981 மார்ச் 17இல் மாவட்டத்தின் தொகை 603,577 என்று எடுத்தால், 2001 வரை 16.57 சதவீதம் கூடியிருக்கிறது. இருபது வருஷம்தானே என்று பாதியாக்கினால் பத்தாண்டுக்கு 8.29. இடைவெளி 20.33 வருஷம் என்று வைத்து அடுக்குமுறையில் செய்தால் 7.83. சனத்தொகை கூட்டு வட்டி மாதிரி வளர்வதால், நேரே பாதியாக்கினால் எப்போதும் கூடுதலாகவே காட்டும்.

ஆக, 1981க்கும் 2001க்கும் இடையில் பத்தாண்டுக்கு 7.83 சதவீதம் வளர்ந்த மாவட்டம், அடுத்த இடைவெளியில் 1.07க்கு இறங்கியிருக்கிறது. அதே 2001–2012 காலத்தில் நாட்டின் ஆண்டு வளர்ச்சி 0.7 சதவீதம் அளவில் இருந்தது. நுவரெலியாவில் 0.1.

படி 3: இயற்கை அதிகரிப்பை மதிப்பிடுவது

இனி அந்த 8,034ஐப் பிரிக்க வேண்டும். சமன்பாடு லயத்தில் பார்த்ததுதான். B பிறப்பு, D இறப்பு, M தேறிய இடப்பெயர்வு:

```
P2 = P1 + B - D + M
M  = (P2 - P1) - (B - D)
```

P1, P2 கையில் இருக்கின்றன. B, D பதிவாளர் நாயகம் திணைக்களத்தின் பதிவுகளிலிருந்து வர வேண்டும். மலையகத்தில் நிறையப் பேர் விழுகிற குழி இதுதான். நானும் விழுந்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கினிகத்தேனைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி வருகிறது. அந்த இடம் நுவரெலியா மாவட்டம். அவரைக் கொண்டு போவதோ நாவலப்பிட்டி ஆஸ்பத்திரிக்கு, அது கண்டி மாவட்டம். சிக்கல் என்றால் கண்டிக்கோ பேராதனைக்கோ அனுப்புவார்கள், அதுவும் கண்டி மாவட்டம்தான். பிறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு. பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் கண்டி மாவட்டம் ஏறிவிடுகிறது. மூன்றாம் நாள் தாயும் பிள்ளையும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

இனி நம் சமன்பாட்டைப் பாருங்கள். நடந்த இடத்தை வைத்து B எடுத்தால், அந்தப் பிள்ளை நுவரெலியாவின் பிறப்பில் இல்லை. ஆனால் அடுத்த குடிசன மதிப்பில் P2க்குள் இருக்கிறது. பிறக்காமல் வந்து சேர்ந்த ஆள். ஆகவே சமன்பாடு அதை ‘உள்வந்தவர்’ என்று எழுதிக்கொள்கிறது. மூன்று நாள் வயதில் ஒரு குடியேறி!

இறப்பில் இதுவே மறுபக்கமாக நடக்கும். பொகவந்தலாவையிலிருந்து கொண்டு போன ஒரு பெரியவர் கண்டியில் இறந்தால், இறப்பு கண்டியில் பதிவாகும். நம் D-யில் அவர் இல்லை, P2-இலும் இல்லை. அவரை ‘வெளியேறியவர்’ என்று எழுதிவிடுகிறது. ஆனால் பிறப்புகள் இறப்புகளைவிட எண்ணிக்கையில் அதிகம் என்பதால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிழை பெரும்பாலும் வெளியேற்றத்தைக் குறைத்தே காட்டும். முதன்முறை இந்தக் கணக்கைச் செய்தபோது எனக்கு வெளியேற்றம் எதிர்பார்த்ததைவிட மிகச் சின்னதாக வந்தது. பரவாயில்லையே, சனம் அவ்வளவாகப் போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் அதையே வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன். அட்டவணையின் தலைப்பில் ‘நிகழ்ந்த இடத்தின்படி’ என்று பொடி எழுத்தில் இருந்ததை வாசிக்கவில்லை.

ஆகவே பிறப்பைத் தாயின் வழமையான வதிவிடத்தின்படியும், இறப்பை இறந்தவரின் வதிவிடத்தின்படியும் எடுக்க வேண்டும். அப்படிப்பட்ட அட்டவணை கிடைக்காவிட்டால், நிகழ்ந்த இடத்து எண்ணை மாவட்டத்துக்கு அப்படியே பூசுவதைவிட, ஒரு வீத எல்லையை வைத்துப் பார்ப்பது நேர்மையானது. இங்கே அப்படித்தான் செய்யப் போகிறேன்.

அந்தக் காலத்தில் நாட்டுக்கு மொத்தமாகப் பிறப்பு வீதம் வருஷத்துக்கு ஆயிரம் பேருக்குச் சுமார் 18, இறப்பு வீதம் சுமார் 6. வித்தியாசம் 12. நுவரெலியாவின் இயற்கை அதிகரிப்பு இதிலிருந்து ஓரளவு கீழே இருந்திருக்கலாம் என்று வைத்து, ஆயிரத்துக்கு 8, 10, 12 என்று மூன்று விதமாகப் போட்டுப் பார்ப்போம். இவை நான் கணக்குக்காக எடுத்த எண்கள், மாவட்டத்தின் பதிவு எண்கள் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: மிச்சத்தைக் காண்பது

வீதத்தை ஆட்களாக மாற்ற, அந்தக் காலம் முழுக்கச் சராசரியாக எத்தனை பேர் இருந்தார்கள் என்று தெரிய வேண்டும். இரண்டு தொகைகளின் நடுவை எடுத்தால் 707,627. அதை 10.68 வருஷத்தால் பெருக்கினால் சுமார் 75 இலட்சத்து 57 ஆயிரம் ‘ஆள்-வருஷம்’.

ஆயிரத்துக்கு 10 என்ற நடு எண்ணை எடுத்துக்கொண்டால், இயற்கை அதிகரிப்பு 75,575 பேர். உண்மையில் கூடியது 8,034. கழித்தால் தேறிய இடப்பெயர்வு மைனஸ் 67,541. வருஷத்துக்குச் சராசரியாக 6,300 பேரளவில் மாவட்டம் இழந்திருக்கிறது.

8 என்று எடுத்தால் இழப்பு 52,000 சொச்சம். 12 என்று எடுத்தால் 82,000 சொச்சம். இடைவெளி பெரிதுதான். ஆனால் எந்தப் பக்கம் போனாலும் ஐம்பதாயிரத்துக்குக் கீழே வரவில்லை. வகுப்பில் அந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்: பிறந்தார்கள், ஆனால் பிறப்பில் இறப்பைக் கழித்துக் கூடியதற்கு ஏறத்தாழ ஈடான சனத்தை மாவட்டம் வெளியே இழந்திருக்கிறது.

படி 5: வளர்ச்சி வீதத்துக்குள் பங்கு பிரிப்பது

இப்போது எல்லாவற்றையும் ஒரே அடியெண்ணால், அதாவது P1ஆல், வகுக்க வேண்டும். நடு அனுமானத்தில் இயற்கை அதிகரிப்பு 75,575ஐ 703,610ஆல் வகுத்தால் பிளஸ் 10.74 சதவீதம். இடப்பெயர்வு 67,541ஐ அதே எண்ணால் வகுத்தால் மைனஸ் 9.60. கூட்டினால் 1.14. முதலில் சூத்திரத்தில் வந்த அதே எண்.

இந்தக் கூட்டல் பொருந்தாவிட்டால் எங்கேயோ அடியெண் மாறியிருக்கிறது. இடப்பெயர்வு வீதத்தை வழமையாக நடுச் சனத்தொகைக்கு, ஆண்டுக்கு, ஆயிரத்துக்கு என்றுதான் சொல்வார்கள். இங்கே அது மைனஸ் 8.9. அதுவும் சரியான எண்தான். ஆனால் அதை எடுத்து வந்து 1.14க்குப் பக்கத்தில் வைத்துக் கூட்டவோ கழிக்கவோ முடியாது. 10.68 வருஷத்துக்குப் பிரித்த பங்குகளைச் சரிக்கட்டிய 1.07க்குள்ளும் திணிக்காதீர்கள். பங்கு பிரிப்பை உண்மையான இடைவெளியில் செய்துவிட்டு, வேறு மாவட்டத்தோடு ஒப்பிடும்போது மட்டும் சரிக்கட்டிய எண்ணைப் பாவியுங்கள்.

மிச்சத்துக்குள் வேறு என்னவெல்லாம் கிடக்கிறது?

M என்பதை நாம் நேரே எண்ணவில்லை, கழித்துத்தான் எடுத்தோம். அதனால் மற்ற எண்களில் உள்ள பிழைகளெல்லாம் அந்தக் கணக்கில்தான் போய் விழும். 2012இல் நூற்றுக்கு ஒருவர் எண்ணாமல் விடுபட்டிருந்தால் அது ஏழாயிரம் பேர். நம் 67,541இல் பத்தில் ஒரு பங்கு. விடை பெரிதாக இருப்பதால் தாங்கும். மாவட்டத்தின் இழப்பு ஐயாயிரம் என்று வந்திருந்தால், அதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டேன்.

யார் எங்கே வசிப்பவர் என்று எழுதப்பட்டார் என்பதும் இதற்குள் வரும். கொழும்பில் கடையில் வேலை செய்கிற பையன் மாதம் ஒருமுறை சம்பளத்தைக் கொண்டு வீட்டுக்கு வருவான், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் லயத்தில்தான் இருப்பான். அவன் எந்த ஊர்க்காரன்? கணக்கெடுக்க வந்தவரிடம் அம்மா, "இங்கதான்யா இருக்கான்" என்றுதான் சொல்வார். குடும்பத்தைப் பொறுத்தவரை அது பொய்யில்லை. வழமையான வதிவிடம் என்ற விதிப்படி அவன் கொழும்பில் எண்ணப்பட வேண்டியவன். இப்படி எத்தனை பேர் ஊரோடு சேர்த்து எழுதப்பட்டார்களோ, அத்தனை பேர் வெளியேற்றக் கணக்கிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

இந்த M-க்குள் கொழும்புக்குப் போனவரும் வளைகுடா நாட்டுக்குப் போனவரும் ஒன்றாகவே கிடக்கிறார்கள். முந்தைய காலத்துக்கு இதே கணக்கைச் செய்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறியவர்கள், 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள், கொத்மலை நீர்த்தேக்கத்துக்காக இடத்தை விட்டுக் கொடுத்து மகாவலிக் குடியேற்றங்களுக்குப் போனவர்கள் எல்லாரும் ஒரே மைனஸ் குறிக்குள் அடங்கிவிடுவார்கள்.

ஒன்றை மட்டும் இந்த முறையில் செய்ய வேண்டாம் என்பேன்: மாவட்டத்துக்குப் பதிலாக ஒரு இனக் குழுவுக்கு இந்தக் கணக்கைப் போடுவது. ஒரு கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று எழுதிக்கொண்ட குடும்பம் அடுத்ததில் இலங்கைத் தமிழர் என்று எழுதிக்கொள்வது மலையகத்தில் நடக்கிற காரியம். யாரும் எங்கேயும் போகவில்லை, படிவத்தில் கட்டம் மட்டும் மாறியது. சமன்பாடு அதையும் வெளியேற்றம் என்று சொல்லிவிடும்.

போனவர்கள் எந்த வயதினர்?

பிறப்புப் பதிவே தேவைப்படாத இன்னொரு வழி இருக்கிறது. அது வயதையும் சொல்லும். 2001இல் 10 முதல் 14 வயது வரை இருந்தவர்கள், 2012இல் ஏறத்தாழ 20 முதல் 24 வயதுக்குள் இருக்க வேண்டும். அந்த வயதில் இறப்பு மிகக் குறைவு. ஆயிரத்துக்குச் சுமார் 990 பேர் உயிரோடிருப்பார்கள் என்று வைக்கலாம். ஒரு பிரிவில் 2001இல் அந்த வயதுப் பெண்பிள்ளைகள் 1,000 பேர் இருந்து, 2012இல் 20–24 வயதுப் பெண்கள் 760 பேரே இருந்தார்கள் என்று உதாரணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்தது 990. தேறிய இடப்பெயர்வு மைனஸ் 230. இப்படி ஒவ்வொரு வயதுக் குழுவுக்கும், ஆண் பெண் வேறாகச் செய்துகொண்டு போனால், எந்த வயதில் ஊர் காலியாகிறது என்று தெரிந்துவிடும்.

இதிலும் அந்த 0.68 வருஷம் உறுத்தும். 10–14 வயதினர் சரியாக 20–24இல் போய் நிற்க மாட்டார்கள், மேல் நுனியில் இருந்த சிலர் 25ஐத் தொட்டிருப்பார்கள். ஐந்து வயதுக் குழுக்களாக அல்லாமல் தனித்தனி வயதாகத் தரவு கிடைத்தால் இதைச் சரிசெய்யலாம். வயதை 20, 25, 30 என்று முழு எண்ணாகச் சொல்லிவிடும் பழக்கமும் குழுக்களைக் குழப்பும். இடைக்காலத்தில் பிறந்த பிள்ளைகள் இந்த முறைக்குள் வரவே மாட்டார்கள். அவர்களுக்குப் பிறப்புப் பதிவைத்தான் நம்ப வேண்டும். அப்போது மறுபடியும் நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் போய் நிற்போம்.

இரண்டு முறையிலும் வந்த விடைகளைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்டோரின் இழப்பே முதல் முறையில் வந்த மொத்தத்தைவிடப் பெரிதாக இருந்தால், அநேகமாக முதலாவதில் பிறப்பு எண் நிகழ்ந்த இடத்தின்படி எடுக்கப்பட்டிருக்கும். அட்டவணையின் தலைப்பை மறுபடி வாசியுங்கள், பொடி எழுத்தையும் சேர்த்து.